சேர்ந்தேன், நடத்தியிருக்கிறேன், வருவேன்: பள்ளி முதல்வரின் விடைபெறும் உரையை வைத்து ஒரு காலப் பயிற்சி

ஓசூரில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். படிக்க வருபவர்கள் எல்லாரும் பெரியவர்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் சிப்காட்டுக்கு வேலைக்கு வந்த பொறியாளர்கள் இருக்கிறார்கள். வீட்டில் தெலுங்கு பேசும் வங்கி அதிகாரி ஒருவர், பெங்களூரிலிருந்து இங்கே மருமகளாக வந்த கன்னடப் பெண் ஒருவர். வந்தேன், வருகிறேன், வருவேன் என்ற மூன்றையும் முதல் மாதத்திலேயே பிடித்துக்கொள்கிறார்கள். தடுக்குவது அதற்குப் பிறகு, 'வந்திருக்கிறேன்' வரும்போது.

அந்த இடத்துக்கு நான் கொடுக்கும் பயிற்சி, ஓய்வு பெறும் பள்ளி முதல்வர் ஒருவர் பணி நிறைவு விழாவில் பேசும் உரை. அதில் சில வினைகளின் இடத்தில் கோடு மட்டும் இருக்கும், சரியான கால வடிவத்தை அவர்கள் நிரப்ப வேண்டும். இதேபோல் ஒன்றை எழுத நினைக்கும் புதிய ஆசிரியர்களுக்காக, நான் அதைக் கட்டும் முறையை இங்கே எழுதுகிறேன். என் உரையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். உங்கள் ஊர், உங்கள் பள்ளி என்று மாற்றிக்கொண்டால் இன்னும் நல்லது.

ஒரு சின்ன எச்சரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தலைப்பில் 'பள்ளி முதல்வர்' என்று முழுதாக எழுதுங்கள். தமிழ் நாளிதழைத் தடவித் தடவிப் படிக்கத் தொடங்கியவர்களுக்கு 'முதல்வர்' என்றால் கோட்டையில் இருப்பவர்தான். அரசுப் பள்ளியை எடுத்துக்கொண்டால் 'தலைமையாசிரியர்' என்றே போடலாம்.

முதல் படி: 'இன்று' எந்த நாள் என்று முடிவு செய்யுங்கள்

உரையை எழுதும் முன் ஒரு தாளில் நீளமாகக் கோடு போட்டு, பேசுபவரின் ஆண்டுகளைக் குறியுங்கள். என் முதல்வரின் கோடு இது: 1994 ஜூனில் ராயக்கோட்டையில் கணித ஆசிரியராகச் சேர்கிறார். 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகிறது, அதுவரை ராயக்கோட்டை தருமபுரி மாவட்டம். 2012இல் முதல்வராகிறார். விழா 2025 ஏப்ரல் 25. ஓய்வு பெறும் நாள் மே 31.

விழா நாளும் ஓய்வு நாளும் ஒன்றாக இருக்கக் கூடாது. முதன்முறை எழுதியபோது நான் இரண்டையும் ஒரே நாளில் வைத்துவிட்டேன். அன்று மாலையே ஓய்வு பெறுபவர் 'ஓய்வு பெறுகிறேன்' என்றும் சொல்லலாம், 'பெற்றுவிட்டேன்' என்றும் சொல்லலாம், 'பெற்றிருக்கிறேன்' என்றும் சொல்லலாம். வகுப்பில் மூன்று விடைகள் வந்தன, ஒன்றையும் தவறு என்று சொல்ல முடியவில்லை. பள்ளிகளில் மே மாதம் விடுமுறை என்பதால் விழாவை ஏப்ரலிலேயே நடத்திவிடுவார்கள். அந்த ஐந்து வார இடைவெளிதான் நமக்கு வேண்டிய எதிர்காலம்.

இரண்டாம் படி: கோடிட்ட இடம் எதுவும் இல்லாமல் முழு உரையை எழுதுங்கள்

முதலிலேயே கோடிட்ட இடங்களோடு எழுதினால் வாக்கியங்கள் பாடப்புத்தக வாக்கியங்களாகிவிடும். மேடையில் ஒருவர் நின்று பேசுவதாக நினைத்து எழுதி, வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். என்னுடையது:

"அனைவருக்கும் வணக்கம். 1994 ஜூன் மாதம் இந்தப் பள்ளியில் கணித ஆசிரியராகச் சேர்ந்தேன். அப்போது ராயக்கோட்டை தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. அந்த நாட்களில் பிள்ளைகள் மூன்று, நான்கு கிலோமீட்டர் நடந்தே வருவார்கள். மழை பெய்தால் இரண்டு வகுப்புகளை ஒரே அறையில் உட்கார வைப்போம். 2012இல் முதல்வரானேன். 31 ஆண்டுகளாக இதே பள்ளியில் பணியாற்றுகிறேன். ஒரு நாளும் மணி அடித்த பிறகு வந்ததில்லை. என்னிடம் படித்தவர்களின் பிள்ளைகளுக்கும் பாடம் நடத்தியிருக்கிறேன். என் முதல் ஆண்டு மாணவி ஒருவர், இப்போது இங்கே வேதியியல் ஆசிரியை, அதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இன்று காலை என் மேசையில் ஒரு மல்லிகை மாலை இருந்தது. யாரோ எனக்கு முன்பே வந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இந்த ஆண்டு புதிய ஆய்வகம் கட்டியிருக்கிறோம். வரும் ஜூனில் அதைத் திறப்பார்கள். மே 31 அன்று நான் ஓய்வு பெற இருக்கிறேன். ஊருக்குப் போய் மாந்தோப்பைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன். உங்களில் ஒருவரையும் மறக்க மாட்டேன். ஆண்டு விழாவுக்கு அழைத்தால் கட்டாயம் வருவேன்."

இருபது வாக்கியங்களுக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். உரை நீண்டால் படிப்பவரின் கவனம் காலத்தை விட்டுக் கதைக்குப் போய்விடும். பேசுபவர் 'நான்' என்று பேசுவதில் ஒரு வசதி உண்டு. தன்மை வினைக்கு ஆண், பெண் வேறுபாடு இல்லை, அதனால் முதல்வர் ஆணா பெண்ணா என்ற குழப்பம் விகுதியில் வந்து நிற்காது.

மூன்றாம் படி: 'இருக்கிறேன்' செய்யும் வேலைகளைப் பிரித்துப் பாருங்கள்

பயிற்சியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நம் பள்ளி இலக்கணத்தில் 'இரு' ஒரு துணைவினை என்பதோடு முடிந்துவிடும். புதிதாகத் தமிழ் கற்பவர்களுக்கு அது போதாது. மேலே உள்ள உரையில் 'இரு' நான்கு விதமாக வேலை செய்கிறது. அந்த நான்கையும் நீங்கள் தெளிவாகப் பார்த்துவிட்டால்தான் விடைத்தாளைத் திருத்த முடியும்.

'பாடம் நடத்தியிருக்கிறேன்' என்பது அனுபவம். எந்த ஆண்டு, எந்த வகுப்பு என்று சொல்லவில்லை. அப்படி ஒன்று என் வாழ்க்கையில் உண்டு, அதோடு இன்று உங்கள் முன் நிற்கிறேன் என்பது பொருள். 'ஆய்வகம் கட்டியிருக்கிறோம்' என்பதும் இதன் பக்கத்து வீடுதான். கட்டிய வேலை முடிந்தது, கட்டிடம் இன்றும் கண்முன் நிற்கிறது.

'உட்கார்ந்திருக்கிறார்' என்பது நிலை. அவர் எப்போது உட்கார்ந்தார் என்பது பேச்சே இல்லை, இப்போது நாற்காலியில் இருக்கிறார். இந்த இடத்தில் கற்பவர்கள் 'உட்கார்கிறார்' என்று எழுதுவார்கள். நிகழ்காலம்தானே என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அப்போது ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, நின்ற நிலையிலிருந்து மெதுவாக உட்கார்ந்து காட்டுங்கள். இறங்கும் அந்த நேரம் மட்டும்தான் 'உட்கார்கிறேன்'. நாற்காலியில் அமர்ந்த பிறகு மணிக்கணக்கில் 'உட்கார்ந்திருக்கிறேன்'. படுத்திருக்கிறார், நின்றிருக்கிறார், சட்டை போட்டிருக்கிறார் எல்லாம் இதே வகை.

'வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்' என்பது ஊகம். மாலை வைத்தவரை முதல்வர் பார்க்கவில்லை, மாலையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார். காலையில் வாசலைத் திறக்கும்போது தரை ஈரமாக இருந்தால் 'ராத்திரி மழை பெய்திருக்கிறது' என்போம், இரவெல்லாம் விழித்து மழையைக் கேட்டுக்கொண்டிருந்தவர் 'மழை பெய்தது' என்பார். தமிழை ஆங்கிலம் வழியாகப் படித்தவர்களுக்கு இது பெரிய ஆச்சரியம். நேற்று, ராத்திரி, 1994இல் என்று காலத்தைக் குறிக்கும் சொல் வந்தால் இந்த வடிவம் வரக் கூடாது என்று ஆங்கிலத்தில் படித்திருப்பார்கள். தமிழில் வரும், ஆனால் 'நான் பார்க்கவில்லை, தெரிந்துகொண்டேன்' என்ற பொருளோடு வரும். பழைய பதிவேட்டைப் புரட்டிய எழுத்தர் 'இவர் 1994இல் சேர்ந்திருக்கிறார்' என்று சொல்வது சரியான தமிழ். அதையே முதல்வர் தன்னைப் பற்றி 'நான் 1994இல் சேர்ந்திருக்கிறேன்' என்று மேடையில் சொன்னால், தான் சேர்ந்தது தனக்கே நினைவில்லாமல் பதிவேட்டைப் பார்த்துச் சொல்வதுபோல் ஆகிவிடும். வணக்கத்துக்கு அடுத்த வாக்கியத்தில் 'சேர்ந்தேன்' மட்டுமே சரி என்று நான் வைப்பதற்கு இதுதான் காரணம்.

நான்காவது, 'ஓய்வு பெற இருக்கிறேன்'. இங்கேதான் கற்பவர்கள் அதிகம் விழுகிறார்கள். 'பெற்றிருக்கிறேன்' என்றால் முடிந்துவிட்டது. 'பெற இருக்கிறேன்' என்றால் இனிமேல்தான். கடைசிச் சொல் ஒன்றேதான், அதற்கு முன்னால் வருவது மட்டும் மாறுகிறது. முன்னால் வினையெச்சம் 'பெற்று' வந்தால் நடந்து முடிந்தது, 'பெற' வந்தால் நடக்கப்போவது. கரும்பலகையில் இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, 'ற்று', 'ற' இரண்டையும் மட்டும் வண்ணச் சுண்ணக்கட்டியால் எழுதுங்கள். பிறகு வந்திருக்கிறார், வர இருக்கிறார், திறந்திருக்கிறார்கள், திறக்க இருக்கிறார்கள் என்று நான்கைந்து இணைகளை மாற்றி மாற்றிச் சொல்லி, முடிந்தது என்றால் இடது கை, இனிமேல் என்றால் வலது கை தூக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் போதும். பேச்சில் 'வந்திருக்காரு', 'வர இருக்காரு' என்று வேகமாகச் சொன்னால் வேறுபாடு இன்னும் சிறுத்துவிடும், அதனால் முதலில் மெதுவாகச் சொல்லுங்கள்.

நான்காம் படி: எதிர்காலம் போலத் தெரியும் பழைய காலம்

'பிள்ளைகள் நடந்தே வருவார்கள்' என்ற வாக்கியத்தை உரையில் வேண்டுமென்றே வைத்தேன். வடிவம் எதிர்காலம், நடந்தது முப்பது ஆண்டுகளுக்கு முன்பு. முன்பு வழக்கமாக நடந்துகொண்டிருந்ததை நாம் இப்படித்தான் சொல்வோம். பாட்டி கதை சொல்லும்போது 'உங்க தாத்தா விடியக்காலையிலேயே தோட்டத்துக்குப் போவாரு' என்றால், நாளைக்குப் போகப்போகிறார் என்று யாரும் நினைப்பதில்லை.

இந்தி பேசுபவர்கள் இதை 'வந்தார்கள்' என்றோ 'வந்துகொண்டிருந்தார்கள்' என்றோ எழுதுவார்கள், ஏனென்றால் அவர்கள் மொழியில் பழைய வழக்கத்தைச் சொல்லும் வடிவத்தில் இறந்தகாலச் சொல் தெளிவாக ஒட்டிக்கொண்டிருக்கும். 'வந்தார்கள்' என்று எழுதினால் நான் தவறு போடுவதில்லை. ஆனால் ஓரத்தில், 'ஒரு நாளா, தினமுமா?' என்று எழுதிக்கொடுப்பேன். அடுத்த வாக்கியத்தில் 'உட்கார வைப்போம்' என்பதைக் கோடிடாமல் அப்படியே விட்டிருக்கிறேன். கவனித்துப் படிப்பவருக்கு அது வழிகாட்டும்.

ஐந்தாம் படி: எங்கே கோடு போடுவது

என் உரையில் பன்னிரண்டு இடங்களில் கோடு போட்டிருக்கிறேன்: சேர், வா, ஆகு, பணியாற்று, நடத்து, உட்கார், போ, கட்டு, திற, பெறு, மற, கடைசியில் மறுபடியும் வா. அடைப்புக்குள் கொடுக்க வேண்டியது கட்டளை வடிவம்தான். 'வரு', 'வந்து' என்று கொடுத்தால் பாதி விடை அங்கேயே வெளிப்பட்டுவிடும். ஒரு பகுதி இப்படி இருக்கும்:

இந்த ஆண்டு புதிய ஆய்வகம் ________ (கட்டு). வரும் ஜூனில் அதைத் ________ (திற). மே 31 அன்று நான் ஓய்வு ________ (பெறு).

ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் விடையைத் தீர்மானிக்கும் அடையாளம் ஒன்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஆய்வகத்தை எடுத்துக்கொள்வோம். முதலில் நான் 'புதிய ஆய்வகம் ________' என்று மட்டும் வைத்திருந்தேன். கட்டினோம், கட்டியிருக்கிறோம், கட்டுவோம், கட்டுகிறோம், நான்கும் பொருந்தும். 'இந்த ஆண்டு' என்று சேர்த்த பிறகும் 'கட்டுகிறோம்' நிற்கும். அடுத்த வாக்கியத்தில் 'ஜூனில் அதைத் திறப்பார்கள்' என்று வந்த பிறகுதான், கட்டிடம் அனேகமாக முடிந்துவிட்டது, திறப்பு விழா மட்டும் பாக்கி என்பது புரிகிறது. அப்படியும் 'கட்டினோம்' என்று எழுதுபவரைத் தவறு என்று சொல்ல முடியாது. தமிழில் முடிந்த செயலுக்குப் பல இடங்களில் இரண்டு வடிவமும் செல்லும். ஆகவே விடைக்குறிப்பில் இரண்டையும் எழுதுங்கள். ஒன்று மட்டுமே சரி என்று நாம் பிடிவாதமாக வைத்தால், மறுநாள் அலுவலகத்தில் தமிழர் ஒருவர் மற்றொன்றைச் சொல்லக் கேட்டு, கற்பவர் நம் பாடத்தையே சந்தேகிப்பார்.

இதைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. கோடிட்ட தாளைத் தமிழே தாய்மொழியான இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கொடுங்கள். இருவரும் வேறுவேறாக நிரப்பிய இடங்களை மட்டும் எடுத்துப் பாருங்கள். அங்கே ஒரு காலச் சொல்லைச் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் இரண்டு விடையையும் ஏற்க வேண்டும். பக்கத்து வீட்டு அக்காவும் என் தம்பியும்தான் எனக்கு இதைச் செய்து தருகிறார்கள். 'ஓய்வு ________' என்ற இடத்தில் அக்கா 'பெறப் போகிறேன்' என்றும் தம்பி 'பெறுகிறேன்' என்றும் எழுதினார்கள். இரண்டும் நல்ல தமிழ், இரண்டும் விடைக்குறிப்பில் இருக்கின்றன. 'பெறுவேன்' என்பதையும் ஏற்கலாம். ஆனால் அரசாணையோ நிர்வாகக் கடிதமோ வந்து நாள் குறித்தாகிவிட்ட ஒன்றுக்கு அது கொஞ்சம் தளர்ந்து ஒலிக்கும். கடைசி வரியில் 'கட்டாயம் வருவேன்' என்பது வாக்குறுதி, அங்கே 'வர இருக்கிறேன்' வராது.

ஆறாம் படி: திருத்தும்போது எதைத் தேடுவது

'31 ஆண்டுகளாக' வரும் இடத்தை முதலில் பாருங்கள். ஆங்கிலம் வழியாக யோசிப்பவர்கள் கிட்டத்தட்ட எல்லாரும் அங்கே 'பணியாற்றியிருக்கிறேன்' என்று எழுதுவார்கள். 'ஆக' ஒட்டிய காலத்தோடு, இன்னும் தொடரும் வேலைக்குத் தமிழில் நிகழ்காலமே வரும்: பணியாற்றுகிறேன், பணியாற்றி வருகிறேன். 'ஆக'வை எடுத்துவிட்டு '31 ஆண்டுகள் பணியாற்றியிருக்கிறேன்' என்றால் சரியாகிவிடும். ஒரே ஓர் ஒட்டு வினையை மாற்றுகிறது என்பதை இந்த இரண்டு வாக்கியங்களையும் பக்கத்தில் வைத்துக் காட்டினாலே போதும். இந்தி பேசுபவர்கள் தங்கள் மொழியிலேயே யோசித்தால் இங்கே தவறமாட்டார்கள், அதிலும் நிகழ்காலம்தான் வரும். அவர்களிடம் 'ஆங்கிலத்தை விட்டுவிட்டு வீட்டு மொழியில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்' என்பேன்.

தெலுங்கு பேசுபவர்களிடம் வேறு சாய்வு தெரியும். பேச்சுத் தெலுங்கில் 'வந்தேன்', 'வந்திருக்கிறேன்' இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே இறந்தகால வடிவம் போதும். அதனால் 'நடத்தினேன்', 'போனார்கள்' என்று எல்லாவற்றையும் நேராக எழுதிவிடுவார்கள். பிழை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் 'யாரோ வந்து வைத்துவிட்டுப் போனார்கள்' என்பதில் முதல்வர் பார்த்துக்கொண்டு நின்றதுபோல் ஒரு நிழல் விழும். கன்னடத்தில் நம்முடையதைப் போலவே இரு சேர்ந்த வடிவம் இருப்பதால் அவர்களுக்கு இந்தப் பகுதி எளிது.

எதிர்மறையை மறந்துவிடாதீர்கள். 'மறக்க மாட்டேன்' என்ற இடத்தில் 'மறக்கவில்லை' வந்தால், வினைகளை எதிர்மறையாக்க 'இல்லை' ஒன்றே போதும் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று தெரியும். 'மறக்கவில்லை' இதுவரை, 'மறக்க மாட்டேன்' இனிமேல். உரையில் அச்சிட்டே கொடுத்திருக்கும் 'வந்ததில்லை'யையும் இதோடு சேர்த்துக் காட்டுங்கள். அது 'வந்திருக்கிறேன்' என்னும் அனுபவ வடிவத்துக்கு எதிர்மறை, 'ஒருமுறைகூட' என்ற பொருள் அதற்குள்ளேயே இருக்கிறது.

ஏழாம் படி: வகுப்பில் நடத்துவது

தாளைக் கொடுக்கும் முன் ஆண்டுக் கோட்டைப் பலகையில் போட்டு, ஏப்ரல் 25 என்ற இடத்தில் ஓர் அட்டையை ஒட்டி 'இன்று' என்று எழுதுங்கள். உரையை ஒருமுறை முழுதாகப் படித்துக் காட்ட வேண்டாம், விடை காதில் விழுந்துவிடும். பன்னிரண்டு கோடுகளை நிரப்பப் பெரியவர்களுக்கு இருபது நிமிடம் ஆகிறது. பிறகு இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து விடைகளை ஒப்பிடட்டும். வேறுபடும் இடங்களில் மட்டும் எழுந்து வந்து, அந்தச் செயல் கோட்டில் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். 'நடத்தியிருக்கிறேன்' என்பதற்கு ஒரு புள்ளியில் விரல் வைக்க முடியாமல் 1994 முதல் இன்றுவரை தேய்த்துக்கொண்டே வருவார்கள். அதைப் பார்க்கும்போது அந்த வடிவம் பிடிபட்டுவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

எல்லாரும் நிரப்பி முடித்த பிறகு ஒருவரை முன்னால் நிறுத்தி, முழு உரையையும் மேடையில் பேசுவதுபோல் படிக்கச் சொல்லுங்கள். இன்னொரு முறை அதையே வீட்டில் மனைவியிடமோ கணவரிடமோ சொல்வதுபோல் பேச்சுத் தமிழில்: சேந்தேன், நடத்தியிருக்கேன், உக்காந்திருக்காங்க, வருவேன். தெருவில் அவர்கள் கேட்கப்போவது இந்த இரண்டாவதுதான், அதை விட்டுவிடக் கூடாது.

அடுத்த வார வீட்டுப்பாடத்துக்குப் புதிய உரை எழுத வேண்டியதில்லை. பலகையில் இருக்கும் 'இன்று' அட்டையைப் பிய்த்து, அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்துக்கு நகர்த்தி ஒட்டுங்கள். முதல்வர் ஓய்வு பெற்று, ஊரில் மாந்தோப்பில் இருக்கிறார், பழைய மாணவருக்குக் கடிதம் எழுதுகிறார். 'சேர்ந்தேன்' மாறாது, 'நடந்தே வருவார்கள்' மாறாது. 'பணியாற்றுகிறேன்' என்பது '31 ஆண்டுகள் பணியாற்றினேன்' ஆகும். 'பெற இருக்கிறேன்' என்பது 'பெற்றேன்' ஆகும். 'திறப்பார்கள்' என்ற இடத்தில் முதல்வர் அந்த விழாவுக்குப் போயிருந்தால் 'திறந்தார்கள்', போகாமல் யாரோ சொல்லிக் கேட்டிருந்தால் 'திறந்திருக்கிறார்கள்'. எதை எழுதுவது என்பதை அவர்களே முடிவு செய்து, போனாரா இல்லையா என்று கடிதத்திலேயே ஒரு வரி சேர்த்து எழுதி வரச் சொல்லுங்கள்.